கறிக்கோழிப் பண்ணையின் லாபம் எங்கே கரைகிறது? மக்காச்சோளச் சந்தை முதல் தீவனத் தொட்டி வரை ஒரு கணக்கு

புதுதில்லி: கறிக்கோழியின் விலை உயரும்போது நுகர்வோரும், சரியும்போது பண்ணையாளர்களும் கவலை கொள்வது வழக்கம். ஆனால், ஒரு பண்ணை லாபத்தில் இயங்குகிறதா, நஷ்டத்தில் மூழ்குகிறதா என்பதைக் கோழியின் விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தக் கோழி ஐந்து வாரங்களில் எவ்வளவு தீவனம் தின்றது, அந்தத் தீவனம் கிலோ என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்ற இரு கேள்விகளுக்கான விடையில்தான் பண்ணையின் வரவு செலவுக் கணக்கு பெருமளவு அடங்கியுள்ளது.

கடந்த சில ஆண்டுகளாக இக்கேள்விகள் பண்ணையின் எல்லையைத் தாண்டி, நாட்டின் எரிபொருள் கொள்கையுடனும் பிணைந்துவிட்டன. பெட்ரோலில் கலப்பதற்கான எத்தனால் உற்பத்திக்கு 2023 இறுதி வரை கரும்பே முதன்மை ஆதாரமாக இருந்தது. சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற அச்சத்தில் 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றில் இருந்து எத்தனால் தயாரிக்க மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அடுத்த மாதமே, மக்காச்சோளத்தில் இருந்து தயாரிக்கப்படும் எத்தனாலுக்கு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டு, அதன் கொள்முதல் விலை லிட்டருக்கு 71.86 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு டன் மக்காச்சோளத்தில் இருந்து ஏறக்குறைய 370 முதல் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும் என்பதால், வடிசாலைகள் மக்காச்சோளச் சந்தைக்குள் பெரும் வாங்குவோராக நுழைந்தன. அதுவரை அந்தச் சந்தையின் முதன்மை வாடிக்கையாளராக இருந்தது கோழித் தீவனத் தொழில்தான்.

கோழிக்கும் காருக்கும் இடையிலான இந்தப் போட்டி, பண்ணைக் கொட்டகைக்குள் எந்த நாளில், எந்தத் தொட்டியில், எத்தனை ரூபாயாக வந்து சேர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூன்று கட்டத் தீவனம்

கறிக்கோழிக்கு முதல் நாள் முதல் விற்பனை நாள் வரை ஒரே தீவனம் அளிக்கப்படுவதில்லை. இந்திய தர நிர்ணய அமைவனம் 2007-இல் திருத்தி வெளியிட்ட கோழித் தீவனத் தர அளவுகோல், கறிக்கோழித் தீவனத்தை மூன்றாகப் பிரிக்கிறது. முதல் வாரத்துக்கு பிரி-ஸ்டார்ட்டர், இரண்டாவது, மூன்றாவது வாரங்களுக்கு ஸ்டார்ட்டர், நான்காவது வாரம் முதல் விற்பனை வரை பினிஷர் என்பன அவை.

இவற்றில் புரதம் படிப்படியாகக் குறைகிறது. எரிசக்தி படிப்படியாகக் கூடுகிறது. பிரி-ஸ்டார்ட்டரில் குறைந்தபட்சம் 23 சதவீதமும், ஸ்டார்ட்டரில் 22 சதவீதமும், பினிஷரில் 20 சதவீதமும் புரதம் இருக்க வேண்டும். எரிசக்தி முறையே கிலோவுக்கு 3,000, 3,100, 3,200 கிலோ கலோரி இருக்க வேண்டும்.

இதற்கான காரணம் கோழியின் வளர்ச்சி முறையில் உள்ளது. பொரித்த குஞ்சின் எடை 40 முதல் 45 கிராம் வரை இருக்கும். முதல் வாரத்தில் அதன் குடல், கல்லீரல், எலும்பு, தசை ஆகிய அனைத்தும் வேகமாக உருவாகின்றன. இந்தக் கட்டுமானத்துக்குப் புரதமும், குறிப்பாக லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களும் தேவை. நான்காவது வாரத்துக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. ஒன்றரை கிலோவை நெருங்கும் கோழி, தின்னும் தீவனத்தில் கணிசமான பகுதியை உடல் வெப்பத்தையும் இயக்கத்தையும் பராமரிக்கவே செலவிடுகிறது. அதற்கு வேண்டியது எரிசக்தி. அந்நிலையிலும் 23 சதவீதப் புரதம் கொடுத்தால், மிகுதியான புரதம் சிதைந்து யூரிக் அமிலமாக எச்சத்தில் வெளியேறும். அதனால் தரையில் பரப்பிய கூளம் ஈரமாகும், அம்மோனியா நெடி கூடும், காசும் வீணாகும்.

தீவனத்தின் எரிசக்தி பெரும்பாலும் மக்காச்சோளத்தில் இருந்தும், புரதம் பெரும்பாலும் சோயா புண்ணாக்கில் இருந்தும் வருகின்றன. பொதுவான கலவையில் மக்காச்சோளம் 55 முதல் 65 சதவீதமும், சோயா புண்ணாக்கு 25 முதல் 35 சதவீதமும் இடம்பெறும். எனவே, தீவன விலை என்பது நடைமுறையில் இந்த இரு பொருட்களின் விலையே.

வாரந்தோறும் எட்ட வேண்டிய எடை

இனத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப இலக்கு எடை மாறும். வெளிநாட்டு இனப்பெருக்க நிறுவனங்களின் கையேடுகளில் காணப்படும் எடைகள், குளிரூட்டப்பட்ட மூடிய கொட்டகைகளில் எட்டத்தக்கவை. இந்தியாவில் பரவலாக உள்ள திறந்தவெளிக் கொட்டகைகளில், நல்ல பராமரிப்பில் ஆண், பெண் கலந்த கூட்டம் எட்டக்கூடிய சராசரி அளவுகளைத் தோராயமாக இவ்வாறு கொள்ளலாம்:

7-ஆம் நாள்: எடை 185 கிராம், அந்த வாரம் தின்ற தீவனம் 160 கிராம்.
14-ஆம் நாள்: எடை 450 கிராம், அந்த வாரத் தீவனம் 350 கிராம்.
21-ஆம் நாள்: எடை 900 கிராம், அந்த வாரத் தீவனம் 640 கிராம்.
28-ஆம் நாள்: எடை 1,430 கிராம், அந்த வாரத் தீவனம் 860 கிராம்.
35-ஆம் நாள்: எடை 2,000 கிராம், அந்த வாரத் தீவனம் 1,050 கிராம்.
42-ஆம் நாள்: எடை 2,550 கிராம், அந்த வாரத் தீவனம் 1,170 கிராம்.

இப்பட்டியலில் கவனிக்க வேண்டியது எடையை மட்டுமல்ல. இரண்டாவது வாரத்தில் 350 கிராம் தீவனம் தின்று 265 கிராம் எடை கூடும் கோழி, ஆறாவது வாரத்தில் 1,170 கிராம் தின்று 550 கிராம்தான் கூடுகிறது. அதாவது, ஒரு கிலோ எடை கூடுவதற்கு இரண்டாவது வாரத்தில் 1.3 கிலோ தீவனம் போதும். ஆறாவது வாரத்தில் 2.1 கிலோவுக்கு மேல் தேவை. ஒரு கிலோ உடல் எடைக்குச் செலவான தீவனத்தின் அளவையே தீவன மாற்று விகிதம் என்கின்றனர். பண்ணையாளர்களின் பேச்சு வழக்கில் அது எஃப்.சி.ஆர். மேற்கண்ட அளவுகளின்படி 35-ஆம் நாளில் இந்த விகிதம் 1.53, 42-ஆம் நாளில் 1.66. இந்த எண் குறையக் குறையப் பண்ணையாளருக்கு ஆதாயம்.

5,000 குஞ்சுகளின் கணக்கு

தீவனச் செலவின் எடையை உணர, 5,000 குஞ்சுகள் விட்ட ஒரு பண்ணையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குஞ்சு ஒன்று 38 ரூபாய், பிரி-ஸ்டார்ட்டர் கிலோ 44 ரூபாய், ஸ்டார்ட்டர் 42 ரூபாய், பினிஷர் 40 ரூபாய் என வைத்துக்கொள்வோம். தடுப்பூசி, மருந்து, கூளம், மின்சாரம், குஞ்சுகளுக்கு வெப்பமூட்டும் செலவு, கூலி ஆகிய அனைத்துக்கும் சேர்த்துக் குஞ்சு ஒன்றுக்கு 20 ரூபாய் ஆகட்டும். இவை கணக்கை விளக்குவதற்கான விலைகளே. இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் இவை மாறும்.

ஐந்து வாரங்களில் ஒரு கோழி தின்னும் மொத்தத் தீவனம் 3,060 கிராம். அதில் பிரி-ஸ்டார்ட்டர் 160 கிராம், ஸ்டார்ட்டர் 990 கிராம், பினிஷர் 1,910 கிராம். ரூபாயில் இது முறையே 7, 41.60, 76.40 என மொத்தம் 125 ரூபாய். கிலோவுக்கு மிகக் குறைந்த விலையுள்ள பினிஷர்தான் தீவனச் செலவில் 61 சதவீதத்தை விழுங்குகிறது. விலை அதிகமான பிரி-ஸ்டார்ட்டரின் பங்கு 6 சதவீதத்துக்கும் குறைவு.

நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் 250 கோழிகள் இறந்தால், 4,750 கோழிகள் தலா 2 கிலோ வீதம் 9,500 கிலோவாக விற்பனைக்கு வரும். இறந்த கோழிகள் அதுவரை தின்றதையும் சேர்த்தால், செலவான தீவனம் சுமார் 14,735 கிலோ. அதன் விலை ஏறக்குறைய 6,02,000 ரூபாய். குஞ்சுகளுக்கு 1,90,000 ரூபாய், பிற செலவுகள் 1,00,000 ரூபாய். மொத்தச் செலவு 8,92,000 ரூபாய். இதில் தீவனத்தின் பங்கு 67 சதவீதத்துக்கு மேல். உயிர்க்கோழி கிலோவுக்கான உற்பத்திச் செலவு 94 ரூபாய்.

பண்ணைக் கொள்முதல் விலை கிலோ 100 ரூபாயாக இருந்தால், வரவு 9,50,000 ரூபாய். மிஞ்சுவது 58,000 ரூபாய். இப்போது தீவன விலை மட்டும் கிலோவுக்கு 4 ரூபாய் உயர்கிறது என்று கொள்வோம். கூடுதல் செலவு 58,940 ரூபாய். ஐந்து வார உழைப்பின் மொத்த லாபமும் அத்துடன் மறைந்துவிடுகிறது.

தீவனம் 4 ரூபாய் உயர்வதற்குப் பெரிய நெருக்கடி எதுவும் நேர வேண்டியதில்லை. கலவையில் 60 சதவீதம் மக்காச்சோளம் என்றால், அதன் விலை கிலோவுக்கு 6 ரூபாய் 70 காசு கூடினாலே போதும். சந்தை மொழியில் சொன்னால், குவிண்டாலுக்கு 2,000 ரூபாயாக இருந்த மக்காச்சோளம் 2,670 ரூபாயைத் தொட வேண்டும். எத்தனால் ஆலைகளின் கொள்முதலை முட்டை, கோழிப் பண்ணையாளர்கள் இத்தனை அச்சத்துடன் நோக்குவது இதனால்தான்.

சோயாவின் கதையும் இதுவே. 2021-இல் சில மாதங்களிலேயே சோயா புண்ணாக்கின் விலை இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், மரபணு மாற்றப்பட்ட சோயாவில் இருந்து எண்ணெய் நீக்கிய புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. டிசம்பரில் சோயா புண்ணாக்கை அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் கொண்டுவந்து இருப்புக் கட்டுப்பாடு விதித்தது. மரபணு மாற்றப் பயிர்கள் குறித்துக் கடுமையான நிலைப்பாடு கொண்ட நாட்டில் இத்தகைய விலக்கு அளிக்கப்பட்டது, தீவன நெருக்கடியின் தீவிரத்தைக் காட்டியது.

விலை உயர்ந்தால் எங்கே வெட்டுகிறார்கள்?

தீவன விலை ஏறும்போது, கிலோ விலை அதிகமாகத் தெரியும் பிரி-ஸ்டார்ட்டரில்தான் பலரின் கண் முதலில் விழுகிறது. முதல் வாரத்திலேயே ஸ்டார்ட்டரைக் கொடுத்துவிடலாம் என்பது இயல்பாகத் தோன்றும் சிக்கனம். நமது எடுத்துக்காட்டுப் பண்ணையில் 5,000 குஞ்சுகளுக்கு முதல் வாரம் தேவைப்படுவது 800 கிலோ. கிலோவுக்கு 2 ரூபாய் மிச்சம் என்றால், மொத்த மிச்சம் 1,600 ரூபாய்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன? 7-ஆம் நாளில் 185 கிராமுக்குப் பதிலாக 160 கிராமில் நிற்கும் குஞ்சு, அந்தக் குறையைப் பின்னர் முழுமையாக ஈடுசெய்வதில்லை. முதல் வாரத்தில் குறையும் ஒவ்வொரு கிராமும் விற்பனையின்போது ஐந்து கிராமாகவோ அதற்கு மேலாகவோ பெருகும் என்பது தொழிலில் நிலவும் நடைமுறைக் கணிப்பு. அதன்படி 25 கிராம் குறைவு, ஐந்தாவது வார இறுதியில் 125 கிராம் குறைவாக நிற்கும். 2 கிலோவை எட்ட அந்தக் கூட்டம் கூடுதலாக ஓரிரு நாட்கள் கொட்டகையில் இருக்க வேண்டும். எடை குறைந்த கோழி அதுவரை சற்றுக் குறைவாகவே தின்றிருக்கும் என்பது உண்மை. ஆயினும், கூடுதல் நாட்களில் உடலைப் பராமரிக்க மட்டும் செலவாகும் தீவனம் திரும்ப வராது. அதனால் மாற்று விகிதம் 0.03 அளவுக்கு மோசமடைந்தாலே, 9,500 கிலோவுக்கு 285 கிலோ தீவனம், அதாவது 11,400 ரூபாய் கூடுதல் செலவு. 1,600 ரூபாயைச் சேமிக்கப் போய் அதைப்போல் ஏழு மடங்கை இழப்பதே இந்தச் சிக்கனத்தின் முடிவு.

முதல் வாரத் தவறு அனைத்தும் தீவனத்தால் நேர்வதில்லை. குஞ்சு இறக்கிய முதல் நாளில் கொட்டகையின் வெப்பம் போதாவிட்டால், குஞ்சுகள் விளக்கின் கீழ் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்குமே தவிர, தீவனத்தை நாடாது. இதை அறிய எளிய சோதனை உண்டு. குஞ்சுகள் வந்து 24 மணி நேரம் கழித்து, கொட்டகையின் பல இடங்களில் இருந்து நூறு குஞ்சுகளை எடுத்து, கழுத்தின் அடியில் உள்ள இரைப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 95-க்கும் மேற்பட்ட குஞ்சுகளின் இரைப்பை மெத்தென்று நிறைந்திருந்தால் தீவனமும் நீரும் கிடைத்துள்ளன. கடினமாக இருந்தால் தீவனம் தின்றும் நீர் கிடைக்கவில்லை. காலியாக இருந்தால் இரண்டுமே கிடைக்கவில்லை. வெப்பத்தையும், தீவனத் தட்டுகள் வைக்கப்பட்ட இடத்தையும் உடனே சரிபார்க்க வேண்டும்.

அதன்பின் வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், கூட்டத்தில் ஒன்று முதல் இரண்டு சதவீதக் கோழிகளை எடைபோட வேண்டும். சராசரி குறைந்தால் எந்தக் கட்டத்தில் தவறு நேர்ந்தது என்பதை அந்தப் பதிவேடு காட்டிக்கொடுக்கும். 14-ஆம் நாள் வரை சரியாக இருந்து 21-ஆம் நாளில் சரிந்தால் நோயையோ தீவன மாற்றத்தையோ சந்தேகிக்க வேண்டும். 28-ஆம் நாள் வரை சரியாக இருந்து பிறகு சரிந்தால், பெரும்பாலும் வெப்பமே காரணம். கோடைப் பகலில் கோழி தீவனத்தைத் தவிர்ப்பதால், அதிகாலையிலும் இரவிலும் தின்ன வாய்ப்பளிப்பதும், நண்பகலில் தொட்டியை உயர்த்திவிடுவதும் அதனால்தான்.

பினிஷரில் ஒழுகும் பணம்

பிரி-ஸ்டார்ட்டரில் சிக்கனம் பிடிப்பது தவறு என்றால், உண்மையான சேமிப்பு எங்கே உள்ளது? தீவனச் செலவில் 61 சதவீதத்தைக் கொண்டுள்ள பினிஷரில்தான்.

முதலாவது, சிந்தும் தீவனம். தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்குக் கீழே இருந்தால், கோழி அலகால் கிளறித் தீவனத்தைத் தரையில் தள்ளும். தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாலும் இதுவே நடக்கும். தின்னாத அந்தத் தீவனமும் கணக்கில் தின்றதாகவே பதிவாகும். நமது பண்ணையில் பினிஷரின் அளவு 9,000 கிலோவுக்கு மேல். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு சிந்தினால் 270 கிலோ, ஏறக்குறைய 10,900 ரூபாய் கூளத்தில் கலக்கிறது. கோழி வளர வளரத் தொட்டியின் கயிற்றைச் சில நாட்களுக்கு ஒருமுறை உயர்த்துவதற்குச் செலவு எதுவும் இல்லை.

இரண்டாவது, விற்கும் நாள். 36-ஆம் நாள் முதல் 42-ஆம் நாள் வரை ஒரு கோழி 1,170 கிராம் பினிஷரைத் தின்று 550 கிராம் எடை கூடுகிறது. தீவனச் செலவு மட்டும் 46 ரூபாய் 80 காசு. அதாவது, அந்த வாரத்தில் கூடும் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 85 ரூபாய் தீவனம் செலவாகிறது. கொள்முதல் விலை 100 ரூபாயாக நிலைத்தால், கோழிக்கு 8 ரூபாய் அளவில் ஆதாயம் மிஞ்சும். அந்த வார இறப்பும் பிற செலவும் அதிலிருந்து கழியும். விலை 80 ரூபாய்க்குச் சரிந்தால், ஒவ்வொரு கூடுதல் கிலோவும் நஷ்டம். அத்துடன், ஏற்கெனவே இருக்கும் 2 கிலோவின் மதிப்பிலும் கோழிக்கு 40 ரூபாய் குறைந்துவிடும்.

விலை ஏறும் என்று காத்திருக்கும் பண்ணையாளருக்கு நெல்லையோ மஞ்சளையோ இருப்பு வைப்பவருக்கு உள்ள வசதி கிடையாது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கோழி தின்றுகொண்டே இருக்கும். மேலும், முட்டையை அடைகாக்க வைக்கும் நாளில் இருந்து குஞ்சு பொரிக்க 21 நாட்கள், அது 2 கிலோ ஆக 35 நாட்கள் என மொத்தம் எட்டு வாரங்கள் ஆகின்றன. எட்டு வாரங்களுக்கு முன் எடுத்த முடிவின் பலன், புரட்டாசியிலோ வட மாநிலங்களின் சிராவண மாதத்திலோ வந்து நின்றால், தேவை குறைந்த சந்தையைத்தான் சந்திக்க வேண்டும். தமிழகத்தில் கொள்முதல் விலையைப் பல்லடத்தில் இருந்து இயங்கும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. அந்த விலை தனிப் பண்ணையாளரின் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது மாற்று விகிதம் மட்டுமே.

ஒப்பந்தப் பண்ணையில் தீவனக் கணக்கு யாருடையது?

தென்மாநிலங்களில் பெரும்பாலான கறிக்கோழிகள் ஒப்பந்த முறையில் வளர்க்கப்படுகின்றன. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் தருகிறது. கொட்டகை, உழைப்பு, மின்சாரம், கூளம் ஆகியவை விவசாயியின் பொறுப்பு. வளர்ந்த கோழியை நிறுவனமே எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு இவ்வளவு என வளர்ப்புக் கூலி வழங்குகிறது.

இம்முறையில் மக்காச்சோள விலை உயர்வு விவசாயியை நேரடியாகத் தாக்குவதில்லை என்பது உண்மை. ஆனால், தீவனக் கணக்கில் இருந்து அவர் முற்றிலும் விடுபடுவதும் இல்லை. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றின் செலவை விற்ற எடையால் வகுத்து உற்பத்திச் செலவு கணக்கிடப்படுகிறது. நிறுவனம் நிர்ணயித்த அளவைவிட அது குறைந்தால் ஊக்கத்தொகை. கூடினால் கூலியில் பிடித்தம். தீவனமே செலவில் பெரும்பங்கு என்பதால், விவசாயியின் கூலியையும் மாற்று விகிதமே தீர்மானிக்கிறது.

பண்ணைகளை ஒப்பிட ஒரு செயல்திறன் குறியீடும் பயன்படுகிறது. உயிர்பிழைத்த சதவீதத்தைச் சராசரி எடையால் பெருக்கி, அதை வயதும் மாற்று விகிதமும் பெருகிய தொகையால் வகுத்து, நூறால் பெருக்கினால் அந்தக் குறியீடு கிடைக்கும். நமது எடுத்துக்காட்டில் 95 சதவீதம், 2 கிலோ, 35 நாட்கள், 1.55 என்ற அளவுகளுக்கு 350 வருகிறது. இதே பண்ணையில் மாற்று விகிதம் 1.70 ஆனால், குறியீடு 319-ஆகச் சரியும்.

சர்ச்சை எழுவது இந்த இடத்தில்தான். சந்தை மந்தமாக இருக்கும்போது நிறுவனம் கோழியை எடுக்கத் தாமதித்தால், 35-ஆம் நாளில் செல்ல வேண்டிய கூட்டம் 40-ஆம் நாள் வரை கொட்டகையிலேயே நிற்கும். அந்த ஐந்து நாட்களில் எடை சுமார் 2.4 கிலோவாகும், மாற்று விகிதமும் 1.53-இல் இருந்து 1.63-ஆக ஏறும். இந்த ஏற்றம் கோழியின் இயல்பால் வருவது. விவசாயியின் கவனக்குறைவால் அன்று. எனவே, எடைக்கும் வயதுக்கும் ஏற்பத் திருத்தப்பட்ட அளவுகோல் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, தாமதத்தின் சுமை யாருக்கு என்று எழுதப்பட்டுள்ளதா என்பதை விவசாயி கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியுள்ளது. வரும் தீவன மூட்டைகளின் எடையையும், ஒவ்வொரு கட்டத்திலும் செலவான மூட்டைகளின் எண்ணிக்கையையும் தம் கைப்படக் குறித்து வைத்திருப்பவரால்தான் பிடித்தத்தைக் கேள்வி கேட்க முடியும்.

எத்தனால் சக்கை தீர்வாகுமா?

எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டாலும், அதில் ஒரு பகுதி தீவனமாகத் திரும்புகிறது என்பது எத்தனால் தரப்பின் வாதம். மாவுச்சத்து எத்தனாலாக மாறிய பின் எஞ்சும் சக்கையை உலர்த்திக் கிடைக்கும் பொருள், தொழிலில் டி.டி.ஜி.எஸ். என்று அழைக்கப்படுகிறது. இதில் 25 முதல் 30 சதவீதம் வரை புரதம் உண்டு. சோயா புண்ணாக்கைவிட விலையும் குறைவு. இதன் வரத்து பெருகியதால் சோயா புண்ணாக்கின் தேவையும் விலையும் அழுத்தத்துக்கு உள்ளாயின.

ஆனால், கறிக்கோழிக்கு இது முழுமையான மாற்று ஆகாது. இதில் லைசின் குறைவு. உலர்த்தும்போது வெப்பம் மிகுந்தால் இருக்கும் லைசினும் செரிக்க இயலாததாக மாறும். கருகிய நிறமும் தீய்ந்த வாடையும் அதற்கு அடையாளம். அதைவிட முக்கியமானது பூஞ்சை நச்சு. மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் இருந்தால், மாவுச்சத்து நீங்கிய சக்கையில் அதன் செறிவு ஏறக்குறைய மூன்று மடங்காகும். அந்த நச்சு கல்லீரலைத் தாக்கி, வளர்ச்சியையும் நோய் எதிர்ப்பாற்றலையும் குறைக்கும். ஆகவே, பரிசோதித்த சரக்காக இருந்தாலும் குஞ்சுப் பருவத் தீவனத்தில் தவிர்த்து, பினிஷரில் 5 முதல் 10 சதவீதம் வரை மட்டும் சேர்ப்பதே பாதுகாப்பானது.

விவசாயியின் விலையும் பண்ணையாளரின் செலவும்

இந்தப் பிரச்னைக்கு மறுபக்கமும் உண்டு. மக்காச்சோளம் பயிரிடுவோருக்கு எத்தனால் ஆலைகளின் வருகை நீண்டகாலமாகக் கிடைக்காத விலையைத் தந்தது. குறைந்தபட்ச ஆதரவு விலை 2024-25-இல் குவிண்டாலுக்கு 2,225 ரூபாயாகவும், 2025-26-இல் 2,400 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. விலையை நம்பி சாகுபடிப் பரப்பும் விரிந்து, நாட்டின் ஆண்டு உற்பத்தி 4 கோடி டன்னைத் தாண்டியது. ஆனால், 2025 இறுதியில் அறுவடை குவிந்தபோது கர்நாடகத்தில் சந்தை விலை ஆதரவு விலைக்கு வெகு கீழே சரிந்து, விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினர். பண்ணையாளருக்கு ஆறுதல் தந்த அதே விலை, மக்காச்சோள விவசாயிக்கு இழப்பானது.

எனவே, மக்காச்சோளத்தை மலிவாக்குவது மட்டும் தீர்வாகாது. வரியில்லா இறக்குமதி வேண்டும் என்ற கோழித் தொழிலின் கோரிக்கை, உள்நாட்டு விவசாயியின் விலையுடனும், மரபணு மாற்ற மக்காச்சோளத்துக்கு நாட்டில் உள்ள தடையுடனும் மோதுகிறது. ஓர் ஏக்கரில் கிடைக்கும் விளைச்சல் கூடினால் மட்டுமே குவிண்டால் விலை குறைந்தும் விவசாயியின் வருமானம் நிலைக்கும். அதற்குச் சில பருவங்கள் ஆகும். கோழிப் பண்ணையின் கணக்கோ ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை முடிகிறது.

நுகர்வோருக்கும் இக்கணக்கில் தொடர்பு உண்டு. உயிருடன் 2 கிலோ எடையுள்ள கோழியில் தோல் நீக்கிக் கிடைப்பது ஏறக்குறைய 1.3 கிலோ கறி. உயிர்க்கோழிக்கு 94 ரூபாய் உற்பத்திச் செலவு என்றால், கறிக்கு அது கிலோ 145 ரூபாய் ஆகிறது. போக்குவரத்து, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை ஆகியோரின் செலவும் பங்கும் அதன் மேல்தான் ஏறுகின்றன. கடை விலை அதைவிட வெகுவாகக் குறைந்து காணப்படும் வாரங்களில், அந்த வித்தியாசத்தைப் பண்ணையோ நிறுவனமோ தன் கையில் இருந்து ஈடுசெய்துகொண்டிருக்கிறது. அத்தகைய வாரங்கள் நீடித்தால் குஞ்சு விடுவது குறையும். எட்டு வாரங்கள் கழித்து விலை மீண்டும் ஏறும்.

வரும் மாதங்களில் கறிக்கோழியின் போக்கை அறிய விரும்புவோர் இரண்டு எண்களைக் கவனித்தால் போதும். ஒன்று, மண்டிகளில் மக்காச்சோளம் குவிண்டால் 2,400 ரூபாய்க்கு மேலா, கீழா என்பது. அது நாட்டின் கொள்கையும் பருவமழையும் தீர்மானிப்பது. மற்றொன்று, கொட்டகையில் ஏழாம் நாள் குஞ்சின் எடை 185 கிராமைத் தொட்டதா என்பது. அது பண்ணையாளரின் கவனத்தில் இருப்பது. முன்னதை மாற்ற இயலாத ஆண்டுகளில், பின்னதே அவரது லாபத்தைக் காக்கும்.